பார்த்துக்கொள்பவரின் குற்றவுணர்வு

நெருங்கிய ஒருவர் வேதனையில் கிடக்கும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டால், ருசித்துச் சாப்பிட்டுவிட்டால், ஒரு சினிமாவுக்குப் போய் வந்துவிட்டால் மனம் உறுத்துகிறது. உளவியல் இதைக் குற்றவுணர்வின் வகைகளுள் ஒன்றாகவே வைக்கிறது. ஆனாலும் மற்ற வகைகளிலிருந்து இது ஒரு விஷயத்தில் விலகி நிற்கிறது. கடன் வாங்கி ஏமாற்றியவருக்கும், கோபத்தில் கையை ஓங்கியவருக்கும் சுட்டிக்காட்ட ஒரு செயல் இருக்கிறது. அவர்கள் மன்னிப்புக் கேட்கலாம், பணத்தைத் திருப்பித் தரலாம். தாய் படுக்கையில் இருக்கும்போது தோழியோடு அரை மணி நேரம் சிரித்துப் பேசியவர் யாருக்கும் எதுவும் செய்துவிடவில்லை. அதனால் அவர் சரிசெய்யக்கூடியதும் எதுவும் இல்லை. இந்த உறுத்தல் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தவறே இல்லாத இடத்தில் குற்றவுணர்வு ஏன் வருகிறது என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை நல்ல தெளிவு தருகிறது. அதுவரை குற்றவுணர்வை ஒரு மனிதருக்கும் அவருடைய மனசாட்சிக்கும் இடையில் நடக்கும் வழக்காகவே பெரும்பாலும் பார்த்துவந்தார்கள். பாமைஸ்டர் குழு அதை இருவருக்கு இடையிலான உறவின் பகுதியாகப் பார்த்தது. ஒருவர் நலத்தில் மற்றவருக்கு அக்கறை இருக்கும் உறவுகளில்தான் குற்றவுணர்வு மிக வலுவாக எழுகிறது. தவறு செய்யும்போது மட்டும் அது வருவதில்லை. இருவரில் ஒருவருக்கு அதிகமாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் கிடைக்கும்போது, அதிகம் பெற்றவரிடம் அது தலைகாட்டுகிறது. ஒரே வீட்டில் ஒருவருக்கு உடல்நலமும் மற்றவருக்கு நோயும் வாய்த்தால் அதுவும் ஒரு சமமற்ற பங்கீடுதான். யாரும் பங்கிட்டுத் தரவில்லை என்பது அறிவுக்குத் தெரிந்தாலும் மனம் கணக்குப் பார்க்கிறது. நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்பிழைத்தவர்களிடம் இதே உணர்வின் கொடிய வடிவத்தை 1960களில் மனநல மருத்துவர் வில்லியம் நீடர்லாந்து விவரித்தார். மற்றவர்கள் மாண்டபோது தாம் மட்டும் எஞ்சியதே அவர்களுக்குக் குற்றமாகப் பட்டது.

ஆகவே இந்த உணர்வு பாசத்தோடு ஒட்டிப் பிறந்தது. யார் என்றே தெரியாத ஒருவர் பக்கத்துத் தெருவில் நோயுற்றுக் கிடந்தால் இரக்கம் வரும். அதற்காக மாலைக் காப்பி கசக்காது. உறவு நெருங்க நெருங்கக் கசப்பும் கூடுகிறது. பாசத்தோடு பிறந்தது என்பதாலேயே அது சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. அது சொல்லும் செய்தி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘நீ மகிழ்வதை நிறுத்து.’ அப்படி நிறுத்தினால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க, டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் கண்ட பெற்றோரையோ துணையையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களின் நிலை நல்ல களம். இந்த உணர்வு மிக நுணுக்கமாக அளக்கப்பட்டிருப்பது அவர்களிடம்தான்.

மறதிநோயின் காலம் நீண்டது. அல்சைமர் வகையில் நோய் உறுதியானபின் பலர் நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வாழ்கிறார்கள், சிலர் அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்காக ஒரு வாரம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைக்க யாராலும் முடியும். எட்டு ஆண்டுகள் ஒதுக்கிவைப்பது வேறு கதை. அதோடு, இந்த நோயில் ஆள் எதிரில் இருந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்ட அம்மா, மகளைப் பார்த்து ‘நீங்க யாரு?’ என்று கேட்கிறார். பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று வகைப்படுத்தினார். சாவு வீட்டில் அழுவதற்கு ஒரு நாளும் சடங்கும் உண்டு, அது முடிந்தபின் இயல்புக்குத் திரும்ப ஊரும் அனுமதி தரும். இந்த இழப்புக்கு அப்படி ஒரு தேதி இல்லை. ‘இனி நீ சிரிக்கலாம்’ என்று சொல்ல யாரும் வருவதில்லை.

ஸ்பெயினின் மாட்ரிட் நகரைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் லோசாதாவும் அவருடைய குழுவினரும் 2010இல் இவர்களுக்கென்றே ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். அதில் 22 கூற்றுகள் இருக்கின்றன. கடந்த சில வாரங்களில் அப்படி எத்தனை முறை தோன்றியது என்று ஒவ்வொன்றுக்கும் எண் தர வேண்டும். விடைகளைத் தொகுத்தபோது, ‘குற்றவுணர்வு’ என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் ஐந்து இழைகளாகப் பிரிந்தது. நோயாளியிடம் சரியாக நடந்துகொள்ளவில்லை என்பது ஒன்று. பார்த்துக்கொள்ளும் வேலையில் தேறவில்லை என்பது இன்னொன்று. மற்ற உறவினர்களைக் கவனிக்காமல் விட்டது, பிறர்மேல் எரிச்சலும் பொறாமையும் பட்டது ஆகியவை தனித்தனி இழைகள். ஐந்தாவது, தன்னைக் கவனித்துக்கொண்டதற்காக எழும் குற்றவுணர்வு: நோயாளியை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு வெளியே போனது, அவர் இல்லாமல் ஏதோ ஒன்றை அனுபவித்தது. இந்த அத்தியாயம் பேசுவது இந்த ஐந்தாவது இழையைத்தான். அது தனியாகப் பிரிந்து நிற்பது கவனிக்கத்தக்கது. நோயாளியை அதட்டியதற்காக வருந்துவதும், சினிமா பார்த்ததற்காக வருந்துவதும் உள்ளே ஒரே மாதிரி உறுத்துவதால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது எளிது.

அதே குழுவின் ரோசா ரொமேரோ மொரேனோவும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பார்த்துக்கொள்பவர் நோயாளிக்கு என்ன உறவு என்பதையும் சேர்த்துப் பார்த்தது. கணவன், மனைவி, மகன், மகள் என நால்வகையினரில் மகள்களிடம் குற்றவுணர்வு மேலோங்கியிருந்தது. ஓய்வும் பொழுதுபோக்கும் குறைந்து, குற்றவுணர்வு மிகுந்திருந்த மகள்களே மனச்சோர்வுக்கு அதிகம் இலக்காயினர். மகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வீடுகள். அம்மாவிடம் இருக்கும்போது தன் பிள்ளைகளை விட்டுவிட்டோமே என்ற எண்ணம். பிள்ளைகளிடம் இருக்கும்போது அம்மா என்ற எண்ணம். தனக்கென்று எடுக்கும் ஒரு மணி நேரம் இந்த இரு தரப்பிலிருந்தும் திருடியதாகத் தோன்றுகிறது. தமிழ்க் குடும்பங்களில் இதோடு ஊர்ப்பேச்சும் சேர்ந்துகொள்கிறது. ‘அம்மா இப்படிக் கிடக்கிறப்போ கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வந்திருக்கா பாரு’ என்று ஒரே ஒருவர் சொன்னால் போதும், அடுத்த கல்யாணப் பத்திரிகை பிரிக்கப்படாமலேயே மேசையில் கிடக்கும்.

இந்தக் குற்றவுணர்வு எந்த வழியாகக் கெடுதல் செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, பல வீடுகளில் நடப்பதைத் தொகுத்து ஒரு மாதிரி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். மகளுக்கு ஐம்பத்து நான்கு வயது. அம்மாவுக்கு எண்பது, அல்சைமர் வந்து ஆறாவது ஆண்டு. சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குத் தங்கை வந்து அம்மாவோடு இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் சனிக்கிழமை மகள் பழைய தோழிகளைப் பார்க்கப் போகிறார். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன். அரை மணிக்குள் இன்னொன்று. ஒரு தோழி ஏதோ சொல்ல, தன்னை மறந்து சிரிக்கிறார். உடனே உள்ளே ஒரு குரல்: ‘அங்கே அம்மா என்னைத் தேடிக்கிட்டு இருப்பா, நான் இங்கே உட்கார்ந்து சிரிக்கிறேன்.’ சிரிப்பு பாதியில் நிற்கிறது. ஏழு மணிக்குத் திரும்புவதாக இருந்தவர் ஆறு மணிக்கே வீட்டில் நிற்கிறார். அம்மா நிலைகொள்ளாமல் நடந்துகொண்டு, ‘வீட்டுக்குப் போகணும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மகள் முடிவுக்கு வருகிறார்: நான் போனதால்தான் இப்படி. அடுத்த சனிக்கிழமை தங்கையை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்.

மூன்று விஷயங்கள் இங்கே நடந்திருக்கின்றன. மகள் இரண்டு மணி நேரம் வெளியே இருந்தார், ஆனால் அந்த நேரம் ஓய்வாகக் கணக்கில் சேரவில்லை. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் பிரென்ட் மாஸ்பாக் என்ற உளவியலாளர் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒருவர் எவ்வளவு இனிய செயல்களில் ஈடுபடுகிறார் என்பது ஓர் அளவு. ‘நான் கட்டுண்டு கிடக்கிறேன்’ என்று எந்த அளவுக்கு உணர்கிறார் என்பது வேறோர் அளவு. செயல்கள் அதிகமாகவும் கட்டுண்ட உணர்வு குறைவாகவும் இருப்பவர்களே மற்றவர்களைவிட நல்ல மனநிலையில் இருந்தார்கள். வெளியே போனாலும் மனம் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தால் போனதன் பலன் கைக்கு வருவதில்லை. பார்த்துக்கொள்பவருக்கு ‘கொஞ்சம் வெளியே போய்ட்டு வா’ என்று சொல்லும் உறவினர்களின் நல்ல அறிவுரை பலிக்காமல் போவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, மகள் ஒரு காரண காரியத் தொடர்பை உருவாக்கிக்கொண்டார். மறதிநோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடும். மகள் வீட்டிலேயே இருந்த செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் அதே ஆறு மணிக்கு அம்மா அதேபோல் நடந்திருப்பார். அன்றைக்கு அது நோயின் குணமாகத் தெரிந்தது. சனிக்கிழமை அது தன் தவறாகத் தெரிகிறது. இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. நாள்காட்டியிலோ நோட்டிலோ இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒவ்வொரு மாலையும் அம்மா பதறினாரா, எவ்வளவு நேரம், கூட இருந்தது யார் என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். மகள் இல்லாத நாட்களில் மட்டும் பதற்றம் கூடினால் அது தெரிந்துவிடும். அப்போது தங்கை வரும் நேரத்தை மாற்றலாம், அல்லது மகள் கிளம்பும் முன்பே தங்கை வந்து அம்மாவோடு உட்கார்ந்து பழகலாம். எல்லா நாட்களிலும் ஒரே மாதிரி இருந்தால், குற்றவுணர்வு நிற்கும் ஆதாரம் அங்கேயே சரிகிறது.

மூன்றாவது விஷயமே மிகக் கடினமானது. தங்கையை வர வேண்டாம் என்றதும் மகளுக்கு நிம்மதி வந்தது. குற்றவுணர்வு சட்டென்று தணிந்தது. அந்த நிம்மதியே அடுத்த முறையும் வீட்டில் இருந்துவிடத் தூண்டும் பரிசாகிறது. பயந்த இடத்துக்குப் போகாமல் தவிர்ப்பவரின் பயம் தணிவதுபோலத் தோன்றி உள்ளே வளர்வதும் இதே முறையில்தான். தோழிகள் அழைப்பதை நிறுத்துகிறார்கள், கோயில் பஜனைக் குழு வேறொருவரைச் சேர்த்துக்கொள்கிறது, இரண்டு ஆண்டுகள் கழித்துப் போக நினைத்தாலும் போக இடம் இருப்பதில்லை.

மகிழ்வதை நிறுத்தினால் துயரப்படுபவருக்கு ஏதாவது கிடைக்கிறதா என்ற கேள்விக்கு மிக நேர்மையான விடை ஒன்று, மறதிநோய்க்கு வெளியே, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் எய்ட்ஸுக்குச் சரியான மருந்து இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சூசன் ஃபோக்மன், எய்ட்ஸ் கண்ட தம் துணையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்களை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை சந்தித்து, இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார். அவர்களில் சிலருக்கும் அதே கிருமித் தொற்று இருந்தது. தமக்கு வரப்போவதையே எதிரில் பார்த்துக்கொண்டு மருந்து கொடுத்தவர்கள் அவர்கள். ஆய்வுக் குழு முதலில் கேட்டதெல்லாம் மனஅழுத்தம் தந்த நிகழ்ச்சிகளைப் பற்றித்தான். ஆய்வு தொடங்கிய சிறிது காலத்திலேயே பங்கேற்றவர்களே குறை சொன்னார்கள்: எங்கள் வாழ்க்கையின் முக்கியமான பகுதியை நீங்கள் கேட்கவே இல்லை, நல்லது நடந்ததையும் கேளுங்கள். குழு அந்தக் கேள்வியைச் சேர்த்தது. 1,700க்கும் மேற்பட்ட நேர்காணல்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அவர்களால் ஓர் இனிய நிகழ்ச்சியைச் சொல்ல முடிந்தது. பெரும்பாலானவை சிறியவை, அன்றாடம் நடப்பவை.

அவர்கள் துயரப்படவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. மனச்சோர்வு அளவுகோலில் அவர்களுடைய மதிப்பெண்கள் உயர்ந்தே இருந்தன. ஆனால் துணையின் மரணத்தை ஒட்டிய வாரங்கள் தவிர மற்ற காலத்தில், இனிய உணர்வுகளும் துயர உணர்வுகளைப் போலவே அடிக்கடி வந்துபோயின. இந்தக் கண்டுபிடிப்பு ஓர் அடிப்படை நம்பிக்கையை அசைத்தது. குற்றவுணர்வுக்கு அடியில் இருக்கும் கணக்கு, மனத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் இடம் என்பது: நான் சிரிக்கிறேன் என்றால் என் துயரம் குறைந்துவிட்டது, துயரம் குறைந்தால் அன்பும் குறைந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவின் அந்த ஆண்களிடம் இரண்டும் அருகருகே ஓடின. ஒன்று மற்றதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நெருக்கடியைத் தாங்கிநிற்க அந்தச் சின்னச்சின்ன நல்ல நேரங்கள் உதவுகின்றன என்ற கருத்தை ஃபோக்மன் 1997இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்தார்.

இந்தப் புரிதலிலிருந்து உருவான பயிற்சிகள் இனிய செயல்களை மருந்துபோல அளவு குறித்துத் தருகின்றன. லண்டனில் கில் லிவிங்ஸ்டன் தலைமையில் உருவான ‘ஸ்டார்ட்’ திட்டத்தில் எட்டு அமர்வுகள். உளவியல் பட்டதாரிகள் பயிற்சி பெற்று அவற்றை நடத்தினார்கள். 260 பேரிடம் நடந்த சோதனையில் பார்த்துக்கொள்பவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, இரண்டு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பலன் நீடித்தது. நோயாளியின் நடத்தையைச் சமாளிப்பது, உதவி கேட்பது ஆகியவற்றோடு இனிய செயல்களைத் திட்டமிடுவதும் அதன் பாடங்களுள் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஐசப்போர்ட்’ கையேட்டிலும் இதற்கென்று ஒரு பாடம் இருக்கிறது.

மேலே சொன்ன மகளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் வேலை சனிக்கிழமையில் தொடங்காது. தோழிகளோடு மூன்று மணி நேரம் என்பது தொடக்கத்துக்கு மிகப் பெரிய அளவு. முன்பு பிடித்திருந்தவற்றை அவர் ஒரு தாளில் எழுதுவார்: மொட்டைமாடியில் நடப்பது, பழைய இளையராஜா பாட்டு, பூக்கட்டுவது, தொடர்கதை படிப்பது. அவற்றில் பதினைந்து நிமிடத்தில் முடிவதாக ஒன்றை எடுத்து, அம்மா மதியம் தூங்கும் நேரத்தில் வைப்பார். எந்த நாள், எத்தனை மணி, அந்த நேரத்தில் அம்மா எழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்பதுவரை எழுதப்பட வேண்டும், ஏனெனில் ‘நேரம் கிடைச்சா பார்ப்போம்’ என்று விட்டால் அந்த நேரம் ஒருநாளும் கிடைக்காது. முடித்ததும் இரண்டு எண்கள் குறிக்கப்படும். எவ்வளவு பிடித்திருந்தது என்பதற்குப் பத்துக்கு ஓர் எண், எவ்வளவு உறுத்தியது என்பதற்குப் பத்துக்கு ஓர் எண். இரண்டையும் தனித்தனியாக எழுதுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் வாரம் பிடித்ததற்கு நான்கும் உறுத்தலுக்கு எட்டும் வரலாம். உறுத்தல் எட்டாக இருந்தும் பாட்டு நான்கு அளவுக்குப் பிடித்திருந்தது என்பது தாளில் தெரிகிறது. உறுத்தல் முழுக்கப் போனபிறகுதான் வெளியே போக வேண்டும் என்று காத்திருந்தால் போகவே முடியாது. அதை உடன் அழைத்துக்கொண்டே போகப் பழகுவதுதான் இங்கே பயிற்சி. தவிர்க்காமல் திரும்பத் திரும்பச் செய்யும்போது பலருக்கு இரண்டாவது எண் தானாகவே இறங்குகிறது. சிலருக்கு இறங்காமலேயே, முதல் எண்ணைக் கெடுக்கும் பலம் மட்டும் குறைகிறது. போனையும் ஒழுங்குபடுத்த வேண்டும். நாலைந்து முறை அழைப்பதற்குப் பதிலாக, அவசரம் என்றால் தங்கை அழைப்பார், இல்லையென்றால் இடையில் ஒரே ஒருமுறை என்று முன்பே பேசிவைப்பது இருவருக்கும் நல்லது.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. அம்மாவோடு இருக்க மாற்று ஆளே இல்லாத வீட்டில், குற்றவுணர்வைக் குறைக்கும் பயிற்சி மட்டும் போதாது. அங்கே முதல் தேவை ஆள். அண்ணன் தம்பிகள் பணம் மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வீட்டில் மகளின் உறுத்தலை மகளின் மனச்சிக்கலாக மட்டும் பார்ப்பது அநியாயம். அடுத்து, எல்லாக் குற்றவுணர்வையும் தட்டிக்கழிக்கவும் கூடாது. அம்மாவுக்கு உரிய நேரத்தில் சாப்பாடு கிடைக்கவில்லை, படுக்கைப்புண் வந்திருக்கிறது, ஆத்திரத்தில் கையைப் பிடித்து இழுத்துவிட்டது உண்மை என்றால் அந்த உறுத்தல் சரியான இடத்தைத்தான் காட்டுகிறது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி உதவும்: இந்த உறுத்தலைப் போக்க அம்மாவுக்காக நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டா? உண்டு என்றால் அதைச் செய்ய வேண்டும். தன் மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்வது தவிர வேறெதுவும் தோன்றவில்லை என்றால் அது ஐந்தாவது இழை.

மனச்சோர்வு நோயையும் இதிலிருந்து பிரித்தறிய வேண்டும், ஏனெனில் அளவுக்கு மீறிய குற்றவுணர்வு அந்த நோயின் அறிகுறிகளிலும் ஒன்று. குற்றவுணர்வு மட்டும் உள்ளவருக்குப் பாட்டு பிடிக்கிறது, பிடித்ததற்காக வருந்துகிறார். மனச்சோர்வு உள்ளவருக்குப் பாட்டே பிடிப்பதில்லை; முன்பு பிடித்த எதிலும் சுவை இல்லை. இந்த நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டு, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணமோ செத்துவிடலாம் என்ற எண்ணமோ வந்தால், பயிற்சித் தாளை வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இறப்பு பற்றிய எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் கூடாது.

நோயாளி இறந்தபின் இந்தக் குற்றவுணர்வு தானாக முடிந்துவிடுவதில்லை. பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவருக்குத் துக்கத்தோடு விடுதலை உணர்வும் வருகிறது; அந்த விடுதலைக்காக மறுபடி ஓர் உறுத்தல் தொடங்குகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபேவும் ஹெங்க் ஸ்கூட்டும் 1999இல் முன்வைத்த விளக்கத்தின்படி, துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார். காலையில் அம்மாவின் சேலையை மடித்து வைத்து அழுதவர் மாலையில் பேரனோடு விளையாடிச் சிரிப்பது அந்தப் போக்குவரத்தின் பகுதி. அமெரிக்காவில் டாக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் துணையை இழந்து ஏறத்தாழ ஆறு மாதமானவர்களை அந்தத் துணையைப் பற்றிப் பேசச் சொல்லி, முகங்களைப் படமெடுத்துப் பார்த்தார்கள். கண்களைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் உண்மையான சிரிப்பு அந்தப் பேச்சின் நடுவே பலரிடம் வந்தது. அப்படிச் சிரித்தவர்களிடம் மனவேதனை குறைவாக இருந்தது. பிறரோடு அவர்களுடைய உறவும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. இறந்தவரைப் பற்றிய பேச்சிலேயே அந்தச் சிரிப்பு வந்தது.